ஒரு நீளம், இரண்டு குட்டை: படம் வராத கணினி என்ன சொல்கிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கிள்ளானில் இருக்கும் அக்கா இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "தம்பி, உன் மருமகனோட கம்பியூட்டர் கத்திக்கிட்டே இருக்கு. படமே வரல. திங்கட்கிழமை காலேஜுல ரிப்போர்ட் குடுக்கணுமாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். காலையில் வீடு சுத்தம் செய்தபோது மேசையை நகர்த்தியிருக்கிறார்கள். கணினியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, மாலையில் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கூடவே "பீப்... பீப்" என்று ஒரு சத்தம்.

"மாமா, பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி சத்தத்தைக் கேக்க வச்சேன். கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு போடணும், ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகும்னு சொல்லிட்டாரு."

"போனைக் கணினி பக்கத்துல வை, நானும் கேக்குறேன்" என்றேன்.

ஒரு நீண்ட பீப். அடுத்து இரண்டு குட்டை பீப். சற்று இடைவெளி. மறுபடியும் அதே. கடைக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன முடிவு அந்தக் கணினிக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஏன் கத்துகிறது?

சுவிட்சைத் தட்டியதும் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. அதற்கு முன் சில வினாடிகள், கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. மதர்போர்டில் ஒரு சிறிய சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரல்தான் இந்தச் சோதனையை நடத்துகிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிராசசர் வேலை செய்ய வேண்டும். பிறகு ரேம் எனப்படும் நினைவகம். பிறகு திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி. கடைசியில், விண்டோஸ் இருக்கும் வட்டு.

முதல் மூன்றில் ஒன்று தடுக்கினால், "இங்கே கோளாறு" என்று திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. படம் காட்டும் கட்டமே இன்னும் வரவில்லையே! அதனால்தான் ஒலி. ஒரு சின்ன ஒலிபெருக்கியைப் பீப் என்று அடிக்க வைக்க ரேமும் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. எல்லாம் சரி என்றால் ஒரு குட்டை பீப். கோளாறு என்றால் நீளமும் குட்டையும் கலந்த ஒரு தாளம்.

இன்றைய பல மதர்போர்டுகளில் இதே வேலையை நான்கு சிறு விளக்குகள் செய்கின்றன. பலகையின் ஓரத்தில் CPU, DRAM, VGA, BOOT என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கணினியைப் போட்டதும் இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும், அது இயல்பு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தில் சோதனை நின்றுவிட்டது என்று பொருள்.

"அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது" என்பதை இன்னொரு முறை படியுங்கள். "அந்தப் பாகம் கெட்டுவிட்டது" என்று எந்த விளக்கும் சொல்வதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் பல வீடுகளில் சில நூறு வெள்ளியாக மாறுகிறது.

ஒரே சத்தம், இரண்டு பொருள்

கடைக்காரர் எங்கே சறுக்கினார்? ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் திரைக் கோளாறு என்பது பழைய பாடம். ஐ.பி.எம். பி.சி.யில் அப்படித்தான். பின்னாளில் பரவலாக இருந்த அவார்ட் பயாஸிலும் அப்படித்தான். பல ஆண்டுகள் அந்தக் கணினிகளோடு பழகியவருக்கு அது மனப்பாடம்.

ஆனால் பீப் குறிகளுக்கு உலகப் பொது அகராதி கிடையாது. பயாஸ் எழுதுபவர்களும் மதர்போர்டு செய்பவர்களும் தங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஏசுஸ் மதர்போர்டுகளின் கையேடுகளில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் ரேம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று பொருள். கிராபிக்ஸ் இல்லை என்பதற்கு ஒரு நீளமும் மூன்று குட்டையும். டெல் கணினிகளில் நீளம், குட்டை என்ற கணக்கே வேறு. அங்கே எண்ணிக்கைதான் முக்கியம்: இரண்டு பீப் என்றால் ரேம் தென்படவில்லை, நான்கு என்றால் ரேமில் எழுதிப் படிக்க முடியவில்லை, ஆறு என்றால் கிராபிக்ஸ், ஏழு என்றால் பிராசசர்.

ஆகவே சத்தத்தைக் கேட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மதர்போர்டின் மாடல் பெயரைப் பார்ப்பது. பலகையின் நடுவில் பெரிய எழுத்தில் இருக்கும். கடையில் தயாராக வாங்கிய கணினி என்றால், பெட்டியின் பின்புறம் ஒட்டிய தாளில் இருக்கும். அந்த மாடலின் கையேட்டை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாக எடுக்கலாம். பீப் பட்டியல் அதில் இருக்கும்.

அக்கா மகனிடம் மாடலைக் கேட்டு, போனிலேயே கையேட்டைத் திறந்து பார்த்தேன். அந்தப் போர்டுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் ரேம். "பக்கத்து மூடியைக் கழற்றி விளக்கைப் பார்" என்றேன். DRAM என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தது. ஒலி ஒரு சாட்சி, விளக்கு இன்னொரு சாட்சி. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின. கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தால் ஆயிரத்து இருநூறு வெள்ளி போயிருக்கும். சத்தம் அப்படியே இருந்திருக்கும்.

இரண்டு துண்டு, இரண்டு இடம்

மறுநாள் காலை நேரில் போனேன். அவன் கணினியில் எட்டு ஜி.பி. ரேம் துண்டுகள் இரண்டு. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும். பிறகு பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, இரு துண்டுகளையும் கழற்றினோம். கையில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடலாம். உலோகத்தைத் தொடுவது அதைத் தவிர்க்கத்தான்.

இனிமேல் செய்வது எல்லாம் ஒரே விதிப்படி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டை மாற்றினால், கணினி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

நான்கு ரேம் இடங்கள் உள்ள போர்டில், ஒரே துண்டைப் போடுவதற்கு உகந்தது பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது இடம். A2 என்று அச்சாகியிருக்கும். முதல் துண்டை அங்கே போட்டு, பூட்டு "டக்" என்று விழும்வரை அழுத்தினோம். மின்சாரம் கொடுத்தால், அதே சத்தம், அதே மஞ்சள் விளக்கு. அணைத்தோம். அதே இடத்தில் இரண்டாவது துண்டு. இந்த முறை ஒரே ஒரு குட்டை பீப், திரையில் படம்!

அதே இரண்டாவது துண்டை B2 இடத்திலும் போட்டுப் பார்த்தோம். ஓடியது. இப்போது கணக்குத் தெளிவு. இரண்டு இடமும் நல்ல இடம். இரண்டாவது துண்டு நல்ல துண்டு. சந்தேகம் முதல் துண்டின்மேல் மட்டும்.

இந்த இடத்தில் பையன் முதல் துண்டைத் துடைக்கக் கையை நீட்டினான். தடுத்தேன். "முதல்ல நல்ல துண்டு ஒண்ணோட கணினியைப் போடு. ரிப்போர்ட்டை தம் டிரைவுல எடு. மத்ததெல்லாம் அப்புறம்." கோளாறான ரேமோடு ஓடும் கணினி, கோப்பைச் சேமிக்கும்போது அதையே சிதைத்துவிடக்கூடும். எட்டு ஜி.பி.யே ஒரு ரிப்போர்ட் எழுதப் போதும். பத்து நிமிடத்தில் அவன் வேலை பத்திரமானது; அக்காவின் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

பிறகுதான் துடைத்தோம். ரேமின் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறத் தகடுகளில், நம் ஊர் ஈரப்பதமும் தூசியும் விரல் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். கணினி அசையாமல் இருக்கும்வரை ஓடும். தூக்கி நகர்த்தினால் தொடர்பு விட்டுப்போகும். வீடு சுத்தம் செய்யும் காலத்திலும் வீடு மாறும் காலத்திலும் இந்தக் கோளாறு அதிகம் வருவது இதனால்தான். பலர் பென்சில் அழிப்பானால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பொன்முலாம் தேயும், துகளும் தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டு மெதுவாகத் துடைப்பது நல்லது. உலர்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

துடைத்த முதல் துண்டை மட்டும் A2-இல் போட்டோம். ஒரு குட்டை பீப். படம் வந்துவிட்டது.

ஓடிவிட்டது என்றால் குணமாகிவிட்டதா?

பலர் இங்கே மூடியைப் பூட்டிவிடுவார்கள். நான் பூட்டவில்லை. தொடக்கச் சோதனை என்பது வாசலில் நின்று பெயர் கூப்பிட்டு "இருக்கேன்" என்று பதில் வாங்குவது போன்றது. ரேம் இருக்கிறது, அடிப்படையாகப் பதில் சொல்கிறது என்பதுவரைதான் அது பார்க்கும். ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் படித்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் விண்டோஸ் வர மணிக்கணக்காகும்.

அதற்கென்று MemTest86 என்ற இலவச நிரல் உண்டு. அதைத் தம் டிரைவில் போட்டு, கணினியை அதிலிருந்தே தொடங்க வேண்டும். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் XMP அல்லது EXPO அமைப்பு இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிவேகத்தால் வரும் பிழையை ரேமின் கோளாறு என்று தவறாக எண்ணிவிடுவோம். முதல் துண்டை மட்டும் போட்டு இரவு முழுவதும் ஓட விட்டோம்.

காலையில் திரையில் சிவப்பு வரிகள். பிழைகள். இந்தச் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டை நம்பக்கூடாது. அடுத்த இரவு இரண்டாவது துண்டைச் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. ஆக, தொடர்பு மட்டும் அல்ல, முதல் துண்டே சீக்காளிதான். துடைத்தது அதைச் சற்று நேரம் எழுப்பி உட்கார வைத்திருந்தது. அப்படியே விட்டிருந்தால், சில நாட்களில் விண்டோஸ் காரணமின்றி நின்றிருக்கும். கோப்புகள் திறக்காமல் போயிருக்கும். அப்போது பழி வைரஸின்மேல் விழுந்திருக்கும்.

விளக்கு பொய் சொல்லும் நேரங்கள்

DRAM விளக்கு எரிந்து, எந்தத் துண்டை எந்த இடத்தில் போட்டாலும் அணையவில்லை என்றால் புது ரேம் வாங்க ஓடாதீர்கள். இரண்டு துண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒரு காலத்தில் மதர்போர்டில் தனியாக இருந்தது. ஏ.எம்.டி. 2003-லும் இன்டெல் 2008-லும் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவரத் தொடங்கின. எனவே பிராசசர் உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய கம்பி வளைந்திருந்தாலும், அதன்மேல் குளிர்விப்பானை ஒரு பக்கம் அதிகமாக முடுக்கியிருந்தாலும், எரிவது DRAM விளக்காக இருக்கலாம். அண்மையில் யாராவது பிராசசரையோ குளிர்விப்பானையோ கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால், அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

இன்னொரு பொய், உண்மையில் பொறுமைச் சோதனை. டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதுக் கணினிகள் முதல் முறை தொடங்கும்போது, ரேமோடு ஒத்துப்போகும் வேகத்தைப் பழகிக்கொள்ளும். அப்போது சில நிமிடங்கள்கூட DRAM விளக்கு எரிந்து, திரை கறுப்பாகவே இருக்கலாம். பயாஸைப் புதுப்பித்த பிறகும், சிறிய வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் இப்படி நடக்கும். பயந்து மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

VGA எரிந்தால், CPU எரிந்தால்

VGA விளக்கு நின்றால், கார்டைக் குறை சொல்லும் முன் கம்பிகளைப் பாருங்கள். கணினியின் பின்புறம் திரைக் கம்பி மாட்ட இரண்டு இடங்கள் இருக்கும்: ஒன்று மதர்போர்டில், இன்னொன்று கீழே கிராபிக்ஸ் கார்டில். கார்டு இருந்தால் கம்பி கார்டில்தான் இருக்க வேண்டும். நகர்த்திய பிறகு மாறி மாட்டுவது மிகச் சாதாரணம். அடுத்து, கார்டின் மேல்விளிம்பில் ஆறு அல்லது எட்டுத் துளை மின்கம்பி முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கனமான கார்டு தூக்கும்போது சற்றே தொங்கிவிடும். கழற்றி மறுபடி அழுத்தினாலே போதும் என்ற நேரங்கள் உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு, திரைக் கம்பியை மதர்போர்டில் மாட்டிப் போடுங்கள். படம் வந்தால் பிராசசர், ரேம், மதர்போர்டு மூன்றும் ஓடுகின்றன. சந்தேகம் கார்டும் அதன் மின்கம்பியும் மட்டுமே. ஆனால் இதற்குப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதி இருக்க வேண்டும். மாடல் எண் F என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் அது கிடையாது. அவற்றில் கார்டு இல்லாமல் படம் வராது; அதைக் கோளாறு என்று எண்ணிவிடக்கூடாது.

CPU விளக்கு நின்றால் பெரும்பாலும் சத்தமே வராது. பயாஸை ஓட்டுவதே பிராசசர்தான். அது எழவில்லை என்றால் பீப் அடிக்க ஆள் ஏது? ஆனாலும் பிராசசர் தானாகக் கெடுவது மிக அரிது. முதலில் பார்க்க வேண்டியது, மதர்போர்டின் மேல் ஓரத்தில் பிராசசருக்கென்றே வரும் எட்டுத் துளை மின்கம்பி. புதிதாகக் கணினி கட்டுபவர்கள் மறந்துவிடும் கம்பி இது. இல்லாமலேயே விசிறிகள் சுற்றுவதால் எல்லாம் சரி என்று தோன்றும். பழைய போர்டில் புதிய பிராசசர் போட்டிருந்தால், அதை அடையாளம் காண பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம்.

சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் நலம் என்று பொருளல்ல. இப்போது வரும் பல பெட்டிகளில் பீப் ஒலிபெருக்கியே வைப்பதில்லை. நான்கு துளை முனையோடு விரல் நுனி அளவில் விற்கும், சில வெள்ளிதான். மதர்போர்டில் SPEAKER என்று எழுதிய இடத்தில் மாட்டிவிட்டால் ஊமைக் கணினிக்கு வாய் வந்துவிடும்.

மடிக்கணினி என்றால்

மடிக்கணினியில் இந்த மொழி பவர் விளக்கின் மினுக்கல். புதிய டெல் மடிக்கணினிகளில் மஞ்சளும் வெள்ளையும் மாறி மாறி வரும். இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு மஞ்சள், ஒரு வெள்ளை என்றால் பிராசசர். இரண்டு மஞ்சள், மூன்று வெள்ளை என்றால் ரேம் தென்படவில்லை. கண்ணால் எண்ணினால் தவறும். போனில் அரை நிமிடம் காணொளி எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் அந்தக் காணொளியைக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது தெளிவு. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைத்திருக்கும். அங்கே கழற்றித் துடைக்கும் வேலைக்கு இடமில்லை.

அக்கா மகன் திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். பிழை காட்டிய துண்டுக்கு உத்தரவாதம் இருந்தது. MemTest86 திரையைப் படம் எடுத்து அனுப்பினான், மாற்றுத் துண்டு வந்தது. செலவு, அனுப்பிய தபால் காசு மட்டும். பழைய கிராபிக்ஸ் கார்டு இன்னும் அதே பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னானாம். "எந்தப் போர்டுன்னு நான் கேட்டிருக்கணும் தம்பி" என்றாராம் அவர். நியாயமான பதில்தான்.